ஒரே விபத்தில் கணவனும் மனைவியும்: சொத்து யார் வழியில் போகும்?

கணவனும் மனைவியும் ஒரே விபத்தில் இறந்துபோய், யார் உயிர் முதலில் பிரிந்தது என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில், இந்துக்களுக்கான வாரிசுரிமைச் சட்டம் ஒரு விடையைத் தானே வைத்துக்கொள்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 21, இருவரில் வயதில் இளையவர் மூத்தவருக்குப் பின்பே இறந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது. இது சொத்து இறங்கும் காரியத்துக்கு மட்டுமான அனுமானம். மாறானது மெய்ப்பிக்கப்படும் வரைதான் அது நிற்கும். இந்துக்களோடு பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் இச்சட்டமே பொருந்தும்.

இப்படி ஒரு விதி தேவைப்படுவதற்குக் காரணம் வாரிசுரிமையின் அடிப்படையிலேயே இருக்கிறது. ஒருவர் இறக்கும் நொடியில் உயிரோடு இருப்பவரே அவருக்கு வாரிசு. கணவர் இறந்த நொடியில் மனைவி உயிரோடு இருந்திருந்தால், அடுத்த நிமிடமே அவரும் இறந்திருந்தாலும், கணவர் சொத்தில் அவருக்குரிய பங்கு அவருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதன்பின் அந்தப் பங்கு மனைவியின் வாரிசுகளுக்குப் போகும். அந்த ஒரு நிமிடம் யார் பக்கம் இருந்தது என்பதை நீதிமன்றம் ஏதாவது ஒரு வகையில் தீர்மானித்தாக வேண்டும்.

விதி ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. பிறந்த தேதியை மட்டுமே பார்க்கிறது. ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் மனைவி வயதில் இளையவர் என்பதால், நடைமுறையில் மனைவியே பின்னால் இறந்தவராகக் கொள்ளப்படுகிறார். இதைக் கேட்டதும், இப்படிப்பட்ட வழக்குகளில் சொத்தெல்லாம் மனைவியின் பிறந்த வீட்டுக்குப் போய்விடும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி நடப்பது அரிது. அனுமானம் வரிசையை மட்டுமே சொல்கிறது; யாருக்கு எவ்வளவு என்பதை சட்டத்தின் மற்றப் பிரிவுகள் தீர்மானிக்கின்றன. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

கணவர் வயது 38, மனைவி வயது 34. குழந்தை இல்லை. உயில் எழுதவில்லை. கணவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீட்டின் மதிப்பு 60 லட்சம் ரூபாய். மனைவி தன் சம்பளத்தில் வாங்கிய மனையின் மதிப்பு 20 லட்சம். இவற்றோடு, மனைவியின் தந்தை இறந்தபோது அவருடைய வாரிசாக மனைவிக்குக் கிடைத்த கொஞ்சம் நிலமும் உண்டு. கணவருக்குத் தாய் மட்டும் இருக்கிறார். மனைவிக்குத் தாயும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். இருவரும் சென்ற கார் லாரியில் மோதி, இருவரும் அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள். பார்த்தவர் யாரும் இல்லை.

மனைவி இளையவர், ஆகவே கணவர் முதலில் இறந்ததாகக் கொள்ள வேண்டும். அவருடைய முதல் வகுப்பு வாரிசுகள் தாயும் மனைவியும். வீடு இருவருக்கும் சமபங்காக, 30 லட்சம் வீதம் இறங்குகிறது. அடுத்து மனைவி இறக்கிறார். கணவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தைப் பற்றிப் பிரிவு 15 தனியாகச் சொல்கிறது: பிள்ளையில்லாத பெண் இறந்தால் அந்தச் சொத்து கணவரின் வாரிசுகளுக்கே திரும்பிப் போக வேண்டும். எனவே அந்த 30 லட்சமும் கணவரின் தாய்க்கே வந்துவிடுகிறது. மனைவி தானே சம்பாதித்த மனையும் கணவரின் வாரிசுகளுக்கே போகிறது. ஏனென்றால் பிள்ளையில்லாத பெண்ணின் சொந்தச் சொத்துக்குக் கணவருக்கு அடுத்த நிலையில் நிற்பவர்கள் கணவரின் வாரிசுகள், அதன் பிறகுதான் அவளுடைய தாய் தந்தையர். பெண் சுயமாகச் சம்பாதித்ததும் இப்படித்தான் போகும் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் ஓம்பிரகாஷ் வழக்கில் உறுதிசெய்தது. அவளை வளர்த்து ஆளாக்கிய தாய் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மருமகள் சம்பாதித்த மனை மாமியாருக்குச் சேர்வது நியாயமாக இல்லை. ஆனால் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது. தந்தைவழி வந்த நிலம் மட்டும் தந்தையின் வாரிசுகளான தாய்க்கும் தம்பிக்கும் திரும்புகிறது.

இப்போது வரிசையை மாற்றிப் பார்க்கலாம். மனைவி முதலில் இறந்தார், கணவர் பிறகு இறந்தார் என்று மெய்ப்பிக்கப்பட்டால் என்ன ஆகும்? மனை கணவருக்கு வந்து, அவர் இறந்ததும் தாய்க்குப் போகிறது. வீடும் தாய்க்குப் போகிறது. தந்தைவழி நிலம் அப்போதும் தாயிடமும் தம்பியிடமும்தான் இருக்கும். அதில் கணவருக்குப் பங்கே இல்லை. எந்த வரிசையைப் பிடித்தாலும் முடிவு ஒன்றுதான். பிள்ளையில்லாத தம்பதியர் விஷயத்தில் இரு குடும்பங்களும் யார் முதலில் இறந்தார் என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு எச்சரிக்கை: பெற்றோர் உயிரோடு இருக்கும்போது செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த சொத்து 'வாரிசாக வந்தது' ஆகாது. அது மனைவியின் சொந்தச் சொத்து போலவே கணவர் பக்கம் போகும்.

வரிசை உண்மையாகவே கனமாகத் தாக்குவது மறுமணத் தம்பதியரின் வீட்டில். கணவர் வயது 45, முந்தைய மனைவியின் வழியில் ஒரு மகன் உண்டு. மனைவி வயது 39, முந்தைய கணவரின் வழியில் ஒரு மகள் உண்டு. இருவருக்கும் சேர்ந்து பிறந்த குழந்தை இல்லை, பெற்றோர்களும் இல்லை. வீடும் மனையும் முன்போலவே 60 லட்சமும் 20 லட்சமும்.

அனுமானப்படி கணவர் முதலில் இறந்தார். வீடு அவருடைய மகனுக்கும் மனைவிக்கும் 30 லட்சம் வீதம் பிரிகிறது. மனைவி இறந்ததும் அவருடைய 30 லட்சம் அவருடைய மகளுக்குப் போகிறது. அவருக்குத் தன் வயிற்றில் பிறந்த பிள்ளை இருப்பதால், கணவர் சொத்து கணவர் வீட்டுக்குத் திரும்பும் விதி இங்கே செயல்படாது. மனைவியின் மனையும் முழுதாக மகளுக்கே. முடிவில் மகனுக்கு 30 லட்சம், மகளுக்கு 50 லட்சம்.

மனைவி முதலில் இறந்தார் என்று மெய்ப்பிக்கப்பட்டால், மனை கணவருக்கும் மகளுக்கும் 10 லட்சம் வீதம் பிரிகிறது. சிறிது நேரத்தில் கணவர் இறந்ததும், அவருடைய வீடும் அந்த 10 லட்சமும் மகனுக்குப் போகின்றன. மகனுக்கு 70 லட்சம், மகளுக்கு 10 லட்சம். யாரும் பார்க்காத சில நிமிடங்களின் விலை 40 லட்சம். இரு பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் மாற்றாந்தாய் மக்களாகவே இருப்பதால், சமரசமும் எளிதில் வராது.

அனுமானத்தை உடைக்க விரும்புகிறவர் அதை மெய்ப்பிக்க வேண்டும். எடுத்துக்காட்டில் அந்தப் பொறுப்பு மகனுடையது. ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவர், மனைவியின் உடலில் அசைவில்லை, கணவர் மட்டும் முனகிக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்தார் என்று சாட்சி சொன்னால் போதும். நிச்சயமின்மையே இல்லை என்பதால் பிரிவு 21-க்கு அங்கே வேலையில்லை. ஆனால் ஆவணங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் 'இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டார்' என்று எழுதியிருக்கும் நேரம், டாக்டர் உடலைப் பார்த்த நேரமே தவிர உயிர் பிரிந்த நேரம் அல்ல. இருவருக்கும் வெவ்வேறு நேரம் எழுதப்பட்டிருந்தாலும், ஸ்ட்ரெச்சரில் யாரை முதலில் இறக்கினார்கள் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாமல் போகலாம். பிரேதப் பரிசோதனையும் இறந்த நேரத்தை மணிக்கணக்கில் ஓர் இடைவெளியாகத்தான் சொல்லும்; ஒரே விபத்தில் சில நிமிட வித்தியாசத்தை அதனால் பிரித்துக் காட்ட முடியாது. தீ விபத்தாக இருந்தால் மட்டும் ஓரளவு உதவும்: ஒருவரின் மூச்சுக்குழாயில் புகைக்கரி படிந்திருந்து மற்றவருக்கு இல்லையென்றால், தீ எரியும்போது முதல்வர் மூச்சுவிட்டிருக்கிறார் என்று தெரியும். 'அவர் உடல் வலுவானவர், பின்னால்தான் இறந்திருப்பார்' என்பது போன்ற ஊகங்கள் மெய்ப்பிப்பு ஆகாது.

ஒரே குண்டு விழுந்து எல்லோரும் ஒரே நொடியில் இறந்தால், அதை நிச்சயமின்மை என்று சொல்லலாமா என்ற கேள்வி இங்கிலாந்தில் எழுந்தது. அந்த நாட்டின் 1925-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இளையவர் பின்னால் இறந்தார் என்ற விதி உண்டு. 1940-இல் லண்டன் செல்சியில் ஒரு வீட்டின் மேல் குண்டு விழுந்து பலர் மாண்ட வழக்கு, பிரபுக்கள் சபை வரை போனது. ஒரே நொடியில் இறந்தார்கள் என்று காட்ட முடியாது, எனவே நிச்சயமின்மை இருக்கிறது, இளையவர் விதியே செல்லும் என்று 1945-இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பானது.

கிறிஸ்தவர்களுக்கு உரிய இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, இப்படி எந்த அனுமானமும் செய்வதில்லை. பின்னால் இறந்தார் என்று சொல்பவர் அதை மெய்ப்பிக்க வேண்டும். உயிலைப் பற்றிப் பேசும்போது அந்தச் சட்டம் ஒரு கப்பல் விபத்தையே எடுத்துக்காட்டாகத் தருகிறது: உயில் எழுதியவரும் சொத்து பெற வேண்டியவரும் ஒரே கப்பலில் மாண்டு, யார் முந்தி என்று தெரியாவிட்டால் அந்தக் கொடை வீணாகிறது. மேலே சொன்ன மறுமணத் தம்பதியர் கிறிஸ்தவர்களாக இருந்தால், ஒருவர் சொத்தில் மற்றவருக்குப் பங்கு வராது. வீடு மகனுக்கு, மனை மகளுக்கு, 60 லட்சமும் 20 லட்சமும். முஸ்லிம் சட்டத்திலும் வரிசை தெரியாமல் ஒன்றாக இறந்தவர்கள் ஒருவருக்கொருவர் வாரிசாவதில்லை. ஒவ்வொருவர் சொத்தும் அவரவரின் உயிரோடிருக்கும் உறவினருக்குப் போகிறது. ஒரே விபத்து, ஒரே குடும்பக் கணக்கு, ஆனால் சட்டத்தைப் பொறுத்து வேறுபடும் பங்கீடு.

இங்கிலாந்தில் உயில் இல்லாமல் இறந்தவரின் கணவனோ மனைவியோ குறைந்தது 28 நாள் உயிரோடிருந்தால்தான் வாரிசாக முடியும் என்று 1995-இல் விதித்தார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 120 மணி நேரம் தேவை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு காத்திருப்புக் காலம் இல்லை. ஆனால் உயிலிலேயே அதை எழுதிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. 'எனக்குப் பின் 30 நாள் உயிரோடிருந்தால் என் வீடு என் மனைவிக்கு. இல்லையென்றால் என் மகனுக்கும் அவள் மகளுக்கும் சமமாக' என்று கணவர் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டால், யார் உயிர் முதலில் பிரிந்தது என்பது வீட்டைப் பொறுத்தவரை தேவையற்ற கேள்வியாகிவிடும். பெரும்பாலான உயில்களில் 'என் மனைவிக்கு' என்ற வரிக்கு அடுத்து அப்படி ஒரு மாற்றுப் பெயர் இருப்பதில்லை. மனைவியும் தன் சொத்துக்குத் தனியே ஓர் உயில் எழுத வேண்டும். கணவர் எழுதிய உயில் அவர் சம்பாதித்த மனையைத் தொடாது.