எட்டு டிகிரியில் தயங்கும் அலாரம்

குழந்தை மருத்துவரின் கிளினிக். மாலை 6 மணிக் கூட்டம். தடுப்பூசி எடுக்க நர்ஸ் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடுகிறார். உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்கலாம். கதவு திறந்ததும் அறைக் காற்று புகுந்து சென்சார் 8.3 காட்ட, அலாரம் அலறுகிறது. ஐந்து நிமிடத்தில் 7.8, அடங்குகிறது. அடுத்து 8.1, மறுபடியும் அலறல். இரண்டே நாளில் நர்ஸ் ஒயரைப் பிடுங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

காற்று சூடாகும் வேகத்தில் குப்பியில் உள்ள மருந்து சூடாவதில்லை. அதனால் ஒரு அளவீடு தாண்டியதுமே கத்தாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வரும் அளவீடுகளில் மூன்று 8-ஐத் தாண்டினால்தான் அலாரம் என்று வைக்கிறார்கள். அடங்குவதற்கு எல்லை வேறு: மூன்று அளவீடுகள் தொடர்ந்து 7-க்குக் கீழே வர வேண்டும். இந்த ஒரு டிகிரி இடைவெளிக்குப் பெயர் ஹிஸ்டெரிசிஸ். நம் இயற்பியல் பாடநூல்கள் காந்தங்களைப் பற்றிப் பேசும்போது ‘தயக்கம்’ என்கின்றன. இங்கேயும் பொருத்தமான சொல்தான்.

கதவின் ரப்பர் சரியாகப் படியவில்லை என்று வைத்துக்கொள்வோம். 6.00-க்கு 8.3, 6.05-க்கு 8.6, 6.10-க்கு 8.4. அப்போது அலாரம் அடிக்கிறது. பிறகு 7.8, 8.1, 7.6 என்று ஆடினாலும் அது ஓயாது. யாராவது கதவை அழுத்திச் சாத்தி, 6.9, 6.7, 6.5 என்று இறங்கிய பிறகே ஓயும்.

எண்ணுவதில் ஒரு பொறி இருக்கிறது. 8.4, 8.5, 7.9, 8.3, 8.6, 7.9 என்று ஓடினால், ‘தொடர்ந்து மூன்று’ என்ற கணக்கு ஒருபோதும் நிறைவேறாது. மருந்தோ மெல்லச் சூடாகிக்கொண்டிருக்கும். எனவே 7.9 வந்ததும் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கக் கூடாது. 7-க்குக் கீழே போனால்தான் அழிக்க வேண்டும். அப்படிச் செய்தால் நான்காவது அளவீடான 8.3-லேயே அலாரம் அடித்துவிடும். ஆனால் ஃபிரிட்ஜே எப்போதும் 7.5-ல் நின்றால், ஒருமுறை அடித்த அலாரம் ஓயவே ஓயாது. தெர்மோஸ்டாட்டை 5 டிகிரியை ஒட்டித் திருப்பி வைப்பதுதான் வழி.

கீழ் எல்லையில் இவ்வளவு நிதானம் கூடாது. ஹெபடைட்டிஸ் பி போன்ற தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்தால் கெட்டவைதான்; உருகிய பிறகும் பயன்படாது. உலக சுகாதார நிறுவனத்தின் தரவரையறையை ஒட்டி வரும் 30 நாள் பதிவுக் கருவிகளும் இந்த வேறுபாட்டைக் காட்டுகின்றன: 8 டிகிரிக்கு மேலே தொடர்ந்து 10 மணி நேரம் பொறுக்கும் அலாரம், -0.5 டிகிரியிலோ அதற்குக் கீழோ போனால் ஒரே ஒரு மணி நேரம்தான் பொறுக்கும்.