அட்வான்ஸ் வாங்கிய பங்கு

கையில் இருக்கும் பங்கை விற்காமலே மாதாமாதம் வாடகை பார்க்கலாம் என்று சொல்லித்தான் ‘கவர்டு கால்’ முறையைப் பலரும் அறிமுகப்படுத்துகிறார்கள். வாடகைக்கு வருபவர் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு போக மாட்டார். இங்கே அதுவும் நடக்கும். உண்மையில் இது அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு விற்பனை அக்ரிமென்ட் போடும் வேலை. குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை எதிராளிக்கு. அவர் கேட்டால் கொடுத்தே தீரவேண்டிய கடமை நமக்கு. அவர் தரும் அட்வான்ஸ்தான் பிரீமியம். வந்தாலும் வராவிட்டாலும் அது நமக்கே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 ரூபாய்க்கு விற்கும் ஒரு பங்கு உங்களிடம் 1,000 இருக்கிறது. ஒரு லாட் 1,000 பங்கு என்று வைத்துக்கொள்வோம். (லாட் அளவு பங்குக்குப் பங்கு மாறும், கையில் முழு லாட் இல்லாவிட்டால் இந்த வழியே கிடையாது. என்எஸ்இ-யிலும் சுமார் 200 பங்குகளுக்குத்தான் ஆப்ஷன் உண்டு.) ஒரு மாதத்தில் முடியும் கால் ஆப்ஷன்களின் பிரீமியம் இப்படி இருக்கலாம்: 500 ஸ்டிரைக்குக்கு 16 ரூபாய், 520-க்கு 8, 540-க்கு 3.

520-ஐ விற்கிறீர்கள். 8,000 ரூபாய் கணக்கில் வருகிறது. மாதக் கடைசியில் பங்கு 510-ல் நின்றால் ஆப்ஷன் காலாவதி. பங்கும் உங்களிடம், பணமும் உங்களிடம். 460-க்கு இறங்கினால் பங்கில் 40,000 போயிருக்கும். பிரீமியத்தைக் கழித்தால் நஷ்டம் 32,000. இதைப் ‘பாதுகாப்பு’ என்று சொல்பவர்கள் அந்த 8 ரூபாயோடு பாதுகாப்பு முடிந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 575-க்கு ஏறினால்? உங்களுக்குக் கிடைப்பது 520-ம் அந்த 8-ம், ஆக 528. அதற்கு மேலுள்ள 47 ரூபாய், அதாவது மொத்தம் 47,000, எதிராளிக்குப் போகிறது. இறக்கம் ஏறக்குறைய முழுவதும் நம் தலையில், ஏற்றத்துக்கு மட்டும் கூரை. இந்தப் பேரத்தின் விலைதான் 8,000.

ஆகவே ஸ்டிரைக்கைத் தேர்ந்தெடுக்கும்போது எதில் பிரீமியம் அதிகம் என்று பார்ப்பதைவிட, எந்த விலைக்குப் பங்கு போனால் வருத்தப்படமாட்டோம் என்று பார்ப்பதே சரி. ஆப்ஷன் பட்டியலில் ‘டெல்டா’ என்றொரு எண் இருக்கும். நம் 520-க்கு அது 0.33 அளவில் இருக்கும். தோராயமாக, மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் பங்கு கையைவிட்டுப் போகும் என்று எடுத்துக்கொள்ளலாம். 540-க்கு அந்த வாய்ப்பு பாதியாகக் குறையும். வருமானமும் சுருங்கி, தரகும் வரியும் போக மிச்சம் அற்பமாகிவிடும். காலாண்டு முடிவு வரும் மாதத்தில் பிரீமியம் கொழுத்திருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். பெரிய அசைவு வரலாம் என்று சந்தை நினைப்பதால்தான் அந்தக் கொழுப்பு.

அதிகம் பேர் சிக்குவது வேறு இடத்தில். 600-க்கு வாங்கிய பங்கு 500-க்கு இறங்கிவிட்டது, சும்மா கிடப்பதற்குப் பிரீமியமாவது வரட்டும் என்று 520-ஐ விற்கிறார்கள். பங்கு திரும்பி 590-க்கு எழும்போது அவர்கள் 528-ல் மாட்டிக்கொண்டிருப்பார்கள். காகிதத்தில் இருந்த நஷ்டம் உண்மை நஷ்டமாகிவிடும். வாங்கிய விலைக்குக் கீழே ஸ்டிரைக் விற்பது, நஷ்டத்தில் விற்க இப்போதே கையெழுத்துப் போடுவதுதான்.

நடைமுறையில் இன்னொரு நெருக்கடி உண்டு. டீமேட்டில் பங்கு இருந்தாலும் ஆப்ஷன் விற்க மார்ஜின் கட்டவேண்டும். பெரும்பாலோர் அதே பங்கைப் பிளெட்ஜ் வைத்து அதில் ஒரு பகுதியை ஈடுகட்டுவார்கள். மாத நடுவில் பங்கு 575-க்குப் போனால் அந்த 8 ரூபாய் ஆப்ஷன் 57-க்கு மேல் விற்கும். மார்ஜின் தேவையும் கூடும். பங்கில் வந்த லாபம் காகிதத்தில், புரோக்கர் கேட்பது ரொக்கம். அப்போது பயந்து ஆப்ஷனைத் திரும்ப வாங்கினால் சுமார் 49,000 கையிலிருந்து போகும். பங்கைக் கொடுத்துவிடச் சம்மதம் என்றால் பதற்றம் தேவையில்லை, மார்ஜினுக்குப் பணம் இருந்தால் போதும்.

இந்தியாவில் பங்கு ஆப்ஷன்களை எக்ஸ்பைரி நாளில்தான் எதிராளி பயன்படுத்த முடியும், இடையில் பறிபோகாது. ஆனால் 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் பங்கையே கொடுத்துத் தீர்க்கப்படுகின்றன. சந்தை விலை ஸ்டிரைக்கைத் தாண்டி முடிந்தால் 1,000 பங்கும் போய்ச் சேரவேண்டும். பிளெட்ஜில் கிடக்கும் பங்கை எப்போது விடுவிக்கவேண்டும் என்று புரோக்கரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டெலிவரி தவறினால் ஏலத்தில் வாங்கிக் கொடுத்து, அந்தச் செலவையும் உங்கள் கணக்கில் எழுதிவிடுவார்கள். வரும் பிரீமியம் வருமான வரியில் வியாபார வருமானமாகக் கருதப்படும் என்பதால், சம்பளக்காரர்களும் அந்த ஆண்டு ஐடிஆர்-3 படிவத்துக்கு மாறவேண்டியிருக்கும்.