ஒரே கியரில் ஓடும் கார்

2008-இல் டெஸ்லா தன் முதல் மின்சாரக் காரான ரோட்ஸ்டரை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்குள் இரண்டு கியர் கொண்ட கியர்பாக்ஸ் இருந்தது. ஆனால் ஓட்டுபவர் கியர் மாற்ற முடியாது. இரண்டாவது கியரிலேயே அதைப் பூட்டி அனுப்பியிருந்தார்கள். சீறிக் கிளம்ப முதல் கியர், பெருவேகத்துக்கு இரண்டாவது கியர் என்பதுதான் முதலில் போட்ட திட்டம். சோதனைகளில் அந்தக் கியர்பாக்ஸ் போதிய ஆயுள் உழைக்கவில்லை. கடைசியில் கியர்பாக்ஸைச் சரிசெய்யும் முயற்சியையே கைவிட்டார்கள். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து தரும் இன்வெர்ட்டரை வலுவாக்கி, மோட்டாரையும் மேம்படுத்தி, ஒரே ஒரு கியர் விகிதத்தோடு காரை முடித்தார்கள். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 97 கிலோமீட்டரை எட்ட, பூட்டிய கியரில் ஆறு விநாடிக்குச் சற்றுக் குறைவாக எடுத்த கார், இப்போது 3.9 விநாடியில் எட்டியது. உச்சவேகம் மணிக்கு 200 கிலோமீட்டர்.

கியரைக் குறைத்தும் கார் எப்படி வேகமானது? இதைப் புரிந்துகொள்ள, பெட்ரோல் காருக்குக் கியர்பாக்ஸ் எதற்கு என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சின் தானாகச் சுற்றத் தொடங்காது. நிமிடத்துக்கு சுமார் 800 சுற்றுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். 6,500 சுற்றைத் தாண்டினால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் ஆபத்து. இந்தக் குறுகிய எல்லைக்குள்தான் அது வேலை செய்யும். நின்றுகொண்டிருக்கும் காரை இழுக்க கிளட்ச் வேண்டும். மேலே மேலே வேகமெடுக்க கியர்கள் வேண்டும்.

1.5 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் அதிகபட்சமாக சுமார் 150 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை, தரும். முதல் கியரில் எஞ்சின் சுமார் 14 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். வேகம் 14-இல் ஒரு பங்காகிறது. விசை 14 மடங்காகிப் பெருகி, சக்கரத்துக்கு 2,100 நியூட்டன் மீட்டர் போய்ச் சேருகிறது. மேட்டில் நிற்கும் கார் கிளம்ப இது வேண்டும். ஆனால் அதே கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போக நினைத்தால், எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,800 முறை சுற்ற வேண்டியிருக்கும். அது நடக்காத காரியம். அதனால்தான் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறிப் போகிறோம்.

இப்போது 2010-இல் வந்த நிசான் லீஃப் மின்சாரக் காரைப் பாருங்கள். அதன் மோட்டார் 280 நியூட்டன் மீட்டர் டார்க் தரும். எஞ்சினைப் போல இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுற்றத் தொடங்காமல் நிற்கும்போதே முழு விசையும் கிடைக்கும். உச்சவேகத்தில் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் போகும். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே 7.94 மடங்கு குறைக்கும் ஒரே ஒரு கியர் விகிதம். பெருக்கிப் பார்த்தால் சக்கரத்தில் சுமார் 2,200 நியூட்டன் மீட்டர். பெட்ரோல் கார் முதல் கியரில் தரும் அதே விசை! கிளட்சும் தேவையில்லை. அதே விகிதத்தில் 100 கிலோமீட்டர் வேகம் போகும்போது மோட்டார் 6,700 சுற்றில்தான் இருக்கிறது. இன்னும் மேலே போக இடம் இருக்கிறது.

அப்படியென்றால் மோட்டாரை நேராகச் சக்கரத்தோடு இணைத்துவிடலாமே என்று தோன்றும். மோட்டாரின் பருமனும் எடையும் விலையும் பெரும்பாலும் அது தர வேண்டிய டார்க்கைப் பொறுத்தவை. 2,200 நியூட்டன் மீட்டரை நேரடியாகத் தரும் மோட்டார் என்றால் அதிலே செம்பும் காந்தமும் ஏராளமாகச் சேர்க்க வேண்டும். சிறிய மோட்டாரை வேகமாகச் சுற்றவிட்டு, சில பற்சக்கரங்களால் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கிக்கொள்வது மலிவு. அந்த ஒற்றைக் குறைப்புக் கியர் இருப்பது இதற்காகத்தான்.

உண்மையான சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. லீஃப் மோட்டார் மணிக்கு 40 கிலோமீட்டர் வரை முழு டார்க்கையும் தரும். அந்த இடத்தில் அது தன் முழுத் திறனான 80 கிலோவாட்டை எட்டிவிடுகிறது. சுழலும் மோட்டார் தானும் ஒரு ஜெனரேட்டர். வேகம் ஏற ஏற, பேட்டரியை எதிர்த்து நிற்கும் மின்னழுத்தத்தை உள்ளே உண்டாக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் பேட்டரியால் அதற்குள் மின்சாரத்தைத் தள்ள முடியாது. அப்போது இன்வெர்ட்டர், மின்னோட்டத்தில் ஒரு பங்கை மோட்டாரின் காந்தப்புலத்தைத் தணிக்கச் செலவிடுகிறது. எதிர்ப்பு குறைகிறது, மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, டார்க் மட்டும் படிப்படியாக இறங்குகிறது. திறன் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது.

கியர் மாற்றும்போது நடப்பதும் இதுவே அல்லவா? மேல் கியருக்குப் போனால் விசையைக் குறைத்துக்கொண்டு வேகத்தை வாங்குகிறோம். பெட்ரோல் காரில் ஐந்து படிகளில், பற்சக்கரங்களை மாற்றிச் செய்யும் பேரத்தை, மின்சாரக் காரில் இன்வெர்ட்டர் ஒரு படியும் இல்லாமல் தொடர்ச்சியாகச் செய்துவிடுகிறது. ரோட்ஸ்டரில் கியர்பாக்ஸை விட்டுவிட்டு இன்வெர்ட்டரை வலுப்படுத்தியது ஏன் பலித்தது என்பதற்கு விடையும் இங்கேதான். ஓட்டுபவர் இதை உணரவும் முடியும்: 30 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதுகு இருக்கையில் அழுந்தும், 110-இல் மிதித்தால் அந்த உதைப்பு மிகவும் குறைந்திருக்கும்.

பின்னோக்கிப் போகவும் தனிக் கியர் கிடையாது. மின்சாரம் மோட்டாருக்குப் போகும் வரிசையை இன்வெர்ட்டர் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சில கார்களின் நெம்புகோலில் D-யோடு B என்றும் இருக்குமே, அதுவும் கியர் இல்லை. காலை எடுத்ததும் கார் வேகம் குறைந்து பேட்டரிக்கு மின்சாரம் திரும்புவதைக் கூட்டும் அமைப்பு அது.

ஒற்றைக் கியர் ஒரு சமரசம் என்பதையும் சொல்ல வேண்டும். கிளம்பும் விசை, உச்சவேகம் இரண்டையும் ஒரே எண்ணால் தீர்மானிக்கிறோம். இரண்டும் அளவுக்கு மீறி வேண்டுமென்றால் அது போதாது. 2019-இல் வந்த போர்ஷ டைகான், பின் அச்சில் இரண்டு கியர் வைத்திருக்கிறது. பல டன் சரக்கோடு மேடேற வேண்டிய வால்வோ எஃப்.எச். எலெக்ட்ரிக் லாரி, டீசல் லாரியில் இருந்த 12 கியர் கியர்பாக்ஸையே பயன்படுத்துகிறது. ஆனால் சாதாரண காருக்குக் கூடுதல் கியர் தரும் ஆதாயம் சிறியது; எடை, செலவு, பழுதாகும் வாய்ப்பு மூன்றும் கூடுகின்றன. பல்லாயிரம் சுற்றில் ஓடும் மோட்டாரை, மாற்றும் கணத்தில் சட்டென வேகமிறக்கிப் புதிய கியரோடு பொருத்துவதும் எளிதல்ல.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கியர் மாற்றாததால் கியர் ஆயில் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். குறைப்புக் கியர் பெட்டிக்குள் பற்சக்கரங்களும் பேரிங்குகளும் எண்ணெயில்தான் ஓடுகின்றன. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடிக்கொண்டே போகும் புதிய ஊளைச் சத்தம் கேட்டால், பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். சர்வீஸில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்ணெயை எப்போது சோதிக்க வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்பதை உங்கள் காரோடு வந்த கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.