சேதாரக் கணக்குச் சொல்லும் கடிதம்

தீபாவளிக்கு முன் பழைய வாடிக்கையாளரை அழைக்கும் நகைக்கடைக்காரர் 'சிறப்புச் சலுகை' என்று மட்டும் எழுதினால் போதாது. கணக்கைச் சொல்ல வேண்டும். இப்படி:

"அன்புள்ள அம்மா, வணக்கம். போன வருஷம் மகளுக்குச் சங்கிலி எடுத்தீர்கள். இந்தத் தீபாவளி வளையல்களைக் கடையில் அடுக்குவதற்கு முன் உங்களுக்குக் காட்ட ஆசை. வெள்ளிக்கிழமை காலை வாருங்கள். அன்று சேதாரம் 12 சதவீதம் அல்ல, 8தான். ஒரு பவுனுக்கு 320 மில்லிகிராம் தங்கத்தின் விலை மிச்சம். செய்கூலி தனி. எல்லாம் ஹால்மார்க் நகை."

ஒரு பவுன் 8 கிராம். அதில் 4 சதவீதமே அந்த 320 மில்லிகிராம். தங்கம் விலை தினமும் மாறுவதால் ரூபாயில் எழுதினால் கணக்கு பொய்த்துவிடும். எடையில் எழுதினால் நிற்கும். செய்கூலியை மறைத்தால், பில் போடும்போது நம்பிக்கை போய்விடும்.