கோபுரச் சுதை உருவங்களின் கட்டமைப்பும் திருப்பணிக்கால வண்ணப்பூச்சுச் சிக்கலும்: தருமபுரி வட்டாரத்தை முன்வைத்து

தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலின் விதான ஓவியங்கள் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அவற்றின்மீது புது வண்ணம் தீட்டுவதை இன்று எவரும் ஏற்கமாட்டார். வழிபாட்டிலுள்ள கோயில்களின் கோபுரச் சுதை உருவங்களோ குடமுழுக்குதோறும் புது வண்ணம் பெறுகின்றன. இப்பூச்சு சுதையினுள் விளைவிப்பதை ஒரு துவாரபாலகர் உருவத்தின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

கோபுர நிலையின் செங்கற்சுவரிலிருந்து கற்களை வெளிநீட்டி, உருவின் உடற்பகுதி முதலில் கட்டப்படும். தோள், இடுப்பு, தொடை ஆகியவற்றின் திரட்சி, செங்கல்லை வெட்டி அடுக்குவதிலேயே அமைந்துவிடும். சுவரை விட்டு விலகி நிற்கும் கைகளுக்கும் கதைக்கும் இரும்புக் கம்பி தேவைப்படுகிறது. நனைத்த செங்கல்லின்மீது மணல் மிகுந்த பருஞ்சாந்தும், அது இறுகியபின் கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்த நுண்சாந்தும் பூசப்படும். இமை, விரல், அணிகலன் முதலியவை இந்த மெல்லிய மேற்படலத்தில்தான் உள்ளன.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டே இறுகுகிறது. இறுகுமுன் அதன் காரத்தன்மை கம்பியைத் துருவினின்று காக்கும். முற்றும் இறுகியபின் அக்காப்பு குறைந்துவிடும். அதன்பின் கம்பியின் ஆயுள், உட்புகுந்த மழைநீர் எவ்வளவு விரைவில் வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தது. எண்ணெய் வண்ணம் அவ்வழியை அடைக்கிறது. துரு பருத்துச் சாந்தைப் பிளக்கும். துவாரபாலகரின் முன்கையில் நீளவாக்கில் ஓடும் விரிசலும் செம்பழுப்புக் கறையும் இதன் அடையாளங்கள். மரச்சுத்தியால் மெல்லத் தட்டும்போது பொள்ளலொலி எழுந்தால் சாந்து செங்கல்லை விட்டுப் பிரிந்துள்ளது என்று கொள்ளலாம். அந்நிலையில் விரிசலைச் சிமெண்டால் அடைத்து வண்ணம் பூசுவது நோயை மறைப்பதேயாகும் என்பது என் கருத்து.

மற்றொன்று பூச்சின் தடிப்பு. காய்ந்த பூச்சு ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர். ஒரு திருப்பணிக்கு மூன்று பூச்சு எனக் கொண்டால், பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறையாக ஐந்து திருப்பணிகளில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் சேரும். இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள இமைக்கோடு இருபுறமும் அரையரை மில்லிமீட்டர் பெற்றால் முற்றிலும் தூர்ந்துவிடும். அடுத்து வரும் ஓவியர் அங்கே தூரிகையால் ஒரு கண்ணை வரைகிறார். பழைய ஸ்தபதி செதுக்கிய பார்வை அதன் அடியில் தங்கிவிடுகிறது.

அப்படியாயின் பழைய பூச்சைச் சுரண்டிவிடலாமே எனில், வலுவாக ஒட்டிய எண்ணெய் வண்ணம் நுண்சாந்தையும் உரித்துக்கொண்டு வரும். மணல்வீச்சு அதனினும் கொடிது. நீராவி போகவிடும் சுண்ண வண்ணங்களுக்குத் திரும்பலாம் எனில், அவை எண்ணெய்ப் படலத்தின்மீது பற்றா. ஆகவே, சுரண்டாமல் அவ்வண்ணங்களைப் பூசவும் இயலாது. வண்ணமின்றி விடுவதற்கும் தடையுண்டு: தரையினின்று காண்பவர்க்குத் தெய்வத்தை இனங்காட்டுவது பெரும்பாலும் நிறமே. எனவே, முகத்தையும் கைகளையும் மறைவான ஓரிடத்தில் சோதித்தபின் மென்கருவிகளால் கைவேலையாகத் துலக்கி, செங்கல் திரட்சியாகிய ஆடைப் பகுதிகளில் பழைய பூச்சை விட்டுவைப்பதே இப்போதைக்கு இயலக்கூடியது. புதிதாகச் செய்யப்படும் உருவங்களுக்கு மட்டும் முதற்பூச்சிலேயே சுண்ண வண்ணத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இன்னும் உள்ளது.