லிங்க் இன் பயோ: அந்த ஒரு தட்டலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

பெங்களூருவில் ஐடி வேலை. வார இறுதியில் வீட்டிலேயே கேக் செய்து விற்கலாம் என்று புதிதாக ஓர் இன்ஸ்டாகிராம் அக்கவுன்ட் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் வாங்க ஒரு கூகுள் ஃபார்ம் ரெடி. அதன் லிங்க்கை முதல் போஸ்ட்டின் கேப்ஷனில் போடுகிறீர்கள். யார் தொட்டாலும் ஒன்றும் திறக்கவில்லை. ஸ்டோரியில் போடலாம் என்று போனால், மற்றவர்களுக்கு இருக்கும் 'Link' ஸ்டிக்கர் உங்களுக்கு மட்டும் காணோம். மிச்சம் இருப்பது பயோ மட்டும்தான்.

இது உங்கள் போனில் உள்ள கோளாறு இல்லை. இன்ஸ்டாகிராம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே கேப்ஷனில் வரும் முகவரி வெறும் எழுத்து, தட்டினால் திறக்காது. பயோவில்கூட ரொம்ப காலம் ஒரே ஒரு லிங்க்தான் வைக்க முடிந்தது. 2023 ஏப்ரலில்தான் அதை ஐந்தாக உயர்த்தினார்கள். ஆப்பில் 'Edit profile' போய், 'Links' தொட்டு, 'Add external link' கொடுத்தால் சேர்க்கலாம். ஆனால் ஒரு விஷயம்: ஒன்றுக்கு மேல் சேர்த்தால், புரொஃபைலில் முதல் லிங்க் மட்டுமே முகம் காட்டும். மற்றவை அதைத் தொட்டால்தான் பட்டியலாக விரியும். அதனால் ஆர்டர் ஃபார்ம் முதலில் இருக்கட்டும்.

தட்டினால் நேராகப் போகிறதா?

இல்லை. நடுவில் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. பயோ லிங்க்கைத் தட்டியதும் முதலில் போவது l.instagram.com என்ற முகவரிக்கு. நீங்கள் போக வேண்டிய இடம் மோசடித் தளம் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று அங்கே பார்த்துவிட்டு, சரி என்றால் அனுப்பிவைக்கிறார்கள். லிங்க் போட்ட அன்று நல்லதாக இருந்த தளம் ஒரு மாதம் கழித்துக் கெட்டுப்போகலாம் அல்லவா? அதனால்தான் ஒவ்வொரு தட்டலின்போதும் இந்தச் சோதனை.

அடுத்து, பக்கம் திறப்பது உங்கள் குரோமில் இல்லை. இன்ஸ்டாகிராம் ஆப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு குட்டி பிரவுசரில். ஆர்டர்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும் இடம் இதுதான். உங்கள் ஃபார்மில் 'யுபிஐ பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்டை அப்லோட் செய்யுங்கள்' என்று ஒரு கேள்வி இருந்தால், கூகுள் ஃபார்ம் உடனே லாகின் கேட்கும். வாடிக்கையாளர் குரோமில் லாகின் ஆகியிருந்தாலும் இந்தக் குட்டி பிரவுசருக்கு அது தெரியாது. பாஸ்வேர்டை மறுபடி அடிக்கச் சொல்லும். பாதுகாப்பு காரணமாக, இதுபோல் ஆப்புக்குள் இருக்கும் பிரவுசரில் லாகின் செய்ய கூகுள் அனுமதி மறுக்கவும் செய்யலாம். ஒரு கேக்குக்காக யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

இதற்குத் தீர்வு எளிது. அப்லோட் கேள்வியை எடுத்துவிட்டு, பணம் அனுப்பியதும் வரும் 12 இலக்க யுபிஐ எண்ணை டைப் செய்யச் சொல்லுங்கள். அப்போது லாகின் தேவைப்படாது.

புது அக்கவுன்ட் என்றால் ஏன் இளக்காரம்?

ஒரு காலத்தில் ஸ்டோரியில் லிங்க் போட 10,000 ஃபாலோயர்கள் வேண்டும், இல்லையென்றால் வெரிஃபைட் அக்கவுன்ட்டாக இருக்க வேண்டும். 2021 அக்டோபரில் லிங்க் ஸ்டிக்கரை எல்லோருக்கும் திறந்துவிட்டபோதும் இரண்டு தரப்புக்கு விலக்கு வைத்தார்கள்: புது அக்கவுன்ட்கள், வெறுப்புப் பேச்சையோ பொய்த் தகவலையோ திரும்பத் திரும்பப் பகிர்பவர்கள்.

காரணத்தைப் புரிந்துகொள்ள மோசடிக்காரர் பக்கத்திலிருந்து யோசியுங்கள். 'உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது', 'வீட்டிலிருந்தே தினமும் சம்பாதிக்கலாம்' என்று லிங்க் அனுப்புகிறவருக்கு அக்கவுன்ட் தொடங்கச் செலவே கிடையாது. ஒன்றை முடக்கினால் சில நிமிடங்களில் இன்னொன்று. அவரிடம் இல்லாதது பொறுமையும் பழைய வரலாறும்தான். எனவே புது அக்கவுன்ட்டைச் சில காலம் காக்க வைத்தாலே அவருடைய தொழில் கட்டுப்படியாகாமல் போகும். எத்தனை நாள் என்று இன்ஸ்டாகிராம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சொன்னால், அவர்கள் சரியாக அந்த நாள்வரை காத்திருந்து ஆரம்பிப்பார்கள்.

இன்ஸ்டாகிராம் மட்டும் இப்படி இல்லை. யூடியூப் 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் கமென்ட்டிலும் டிஸ்கிரிப்ஷனிலும் வரும் லிங்க்குகளைத் தட்ட முடியாதபடி செய்தது. அதற்கும் மோசடியும் ஸ்பேமும்தான் காரணம்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஸ்டிக்கர் இல்லையே என்ற பதற்றத்தில், அதே லிங்க்கை ஐம்பது பேருக்கு டிஎம்மில் அனுப்புவார்கள்; கமென்ட்களில் ஒட்டுவார்கள். மோசடிக்காரர் செய்வதும் இதைத்தான். அமைப்புக்கு வித்தியாசம் தெரியாது. கட்டுப்பாடு இன்னும் இறுகும். செட்டிங்ஸில் 'Account Status' பாருங்கள். ஏதாவது முடக்கியிருந்தால் அங்கே தெரியும். அங்கே எல்லாம் சரி என்றால், காத்திருப்பதுதான் வழி. அதுவரை ஸ்டோரியில் உங்கள் அக்கவுன்ட்டையே மென்ஷன் செய்யுங்கள். பார்ப்பவர் அதைத் தட்டினால் புரொஃபைலுக்கு வருவார். அங்கே பயோ லிங்க் இருக்கிறது.

லிங்க் பேஜ் எதற்கு?

பயோவில் ஒரே லிங்க் என்ற நெருக்கடியில் பிறந்தவைதான் லிங்க்ட்ரீ போன்ற சேவைகள். 2016-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், இசைக் கலைஞர்களின் பயோ லிங்க்கை அடிக்கடி மாற்றி அலுத்துப்போனவர்கள் தொடங்கியது லிங்க்ட்ரீ. பயோவில் ஒரு முகவரி. அதைத் திறந்தால் ஆர்டர் ஃபார்ம், மெனு, வாட்ஸ்அப் என்று வரிசையாகப் பட்டன்கள். அவ்வளவுதான் அது.

இப்போது இன்ஸ்டாகிராமே ஐந்து லிங்க் தருகிறதே, பிறகு எதற்கு? எண்ணிப் பார்க்கத்தான். எந்த பட்டனை எத்தனை பேர் தட்டினார்கள் என்று லிங்க் பேஜ் சொல்லும். ஒரு உதாரணக் கணக்கு: வாரத்தில் 100 பேர் லிங்க் பேஜைத் திறந்தார்கள். 60 பேர் 'ஆர்டர்' பட்டனைத் தட்டினார்கள். வந்த ஆர்டர் 6. பட்டன் வரை வந்தவர்கள் ஃபார்மில் விழுகிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிகிறது. கேக் படத்தை மாற்றிப் பிரயோஜனமில்லை. ஃபார்மைத்தான் சரிசெய்ய வேண்டும். அதே 100 பேரில் 8 பேர் மட்டும் பட்டனைத் தட்டியிருந்தால், சிக்கல் லிங்க் பேஜில். அனேகமாகப் பட்டன்கள் அதிகம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. லிங்க் பேஜ் என்பது கூடுதலாக ஒரு தட்டல். ஒவ்வொரு தட்டலிலும் சிலர் கழன்றுகொள்வார்கள். உங்களிடம் இருப்பது ஒரே ஃபார்ம் என்றால் லிங்க் பேஜே வேண்டாம், நேரடியாக பயோவில் போடுங்கள்.

இன்னொன்று, அந்த முகவரி உங்களுடையது இல்லை. 2022 டிசம்பரில் ட்விட்டர், லிங்க்ட்ரீ உள்ளிட்ட சில தளங்களின் லிங்க்குகளுக்குத் தடை என்று திடீரென அறிவித்தது. எதிர்ப்பு வரவே சீக்கிரமே பின்வாங்கியது. ஆனாலும், உங்கள் தவறு எதுவும் இல்லாமலே உங்கள் லிங்க் மூடப்படலாம் என்பதை அது காட்டியது. விசிட்டிங் கார்டிலும் கேக் பெட்டியிலும் அச்சடிக்கும் முகவரியாவது உங்கள் சொந்த டொமைனாக இருப்பது நல்லது. டொமைனுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் அது எங்கே போக வேண்டும் என்பதை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பெட்டியை மறுபடி அச்சடிக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை. உங்கள் போனில் எல்லாம் சரியாகத்தான் திறக்கும். ஒரு நண்பரின் போனில், இன்ஸ்டாகிராம் ஆப்பிலிருந்தே உங்கள் பயோ லிங்க்கைத் தட்டி ஓர் ஆர்டர் போட்டு முடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், உதவி செய்யாதீர்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ, அங்கேதான் உங்கள் ஆர்டர்களும் நிற்கின்றன.