‘மழை’ என்று மட்டும் எழுதாதீர்கள்

சென்னையில் ஒரு பள்ளிக்கு இரண்டு வகுப்பறைகள் கட்டும் வேலை முதன்முறையாக உங்கள் பொறுப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் பிள்ளைகள் அங்கே உட்கார வேண்டும். அக்டோபர் 25 அன்று கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போடத் திட்டம். ரிஸ்க் ரெஜிஸ்டரை, அதாவது இடர்ப் பதிவேட்டைத் திறந்து முதல் வரியில் ‘மழை’ என்று எழுதுகிறீர்கள். அதைப் படித்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

காரணம், நிகழ்வு, விளைவு மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்: ‘வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் தளம் போடுகிறோம், அன்று கனமழை பெய்தால் வேலை நிற்கும், சென்ட்ரிங் ஆட்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு வாரம் போய்விடும்.’ இப்போது எங்கே கைவைக்கலாம் என்று தெரிகிறது.

அடுத்து, நிகழ வாய்ப்பு எவ்வளவு, பாதிப்பு எவ்வளவு என்று ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண். எண்ணுக்கு முதலில் பொருள் சொல்லிவிட வேண்டும். ஜனவரித் திறப்பு தவறினால் பாதிப்பு 5, ஓரிரு நாள் தாமதமென்றால் 1. இல்லாவிட்டால் மேஸ்திரியின் 3 வேறு, உங்கள் 3 வேறு. நம் திட்டத்தில் ஒரு வாரம்தான் கைவசம் இருக்கிறது. எனவே மழைக்கு வாய்ப்பு 4, பாதிப்பு 5, பெருக்கினால் 20.

இந்தப் பெருக்கலை முழுதாக நம்பிவிடக் கூடாது. சாரம் சரிவது 1×5, மணல் லாரி அரை நாள் தாமதமாவது 5×1. இரண்டுக்கும் 5தான் வரும். பாதிப்பு 5 உள்ள எதையும், வாய்ப்பு எவ்வளவு குறைந்தாலும், நான் பட்டியலின் மேலேயே வைப்பேன்.

பொறுப்பாளர் இடத்தில் ஒரே ஒருவர் பெயர். ‘குழு’ என்று எழுதினால் யாரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள். இங்கே சைட் இன்ஜினியர்தான் பொருத்தம். ரெடிமிக்ஸ் லாரியை வரவழைப்பதும் நிறுத்துவதும் அவர் கையில் இருக்கிறது.

எதிர்வினை நான்கு வகை: தவிர்ப்பது, குறைப்பது, காப்பீடு போலப் பிறரிடம் மாற்றுவது, ஏற்றுக்கொள்வது. ‘கவனமாக இருப்போம்’ இதில் எதுவும் இல்லை. கூடுதல் கொத்தனார்களை அமர்த்தித் தளத்தை செப்டம்பர் 27க்கு முன்கொண்டுவருவோம். இரண்டு நாளுக்கு முன் கனமழை அறிவிப்பு வந்தால் லாரியை ரத்து செய்வோம். எந்த அறிகுறி வந்தால் செயலில் இறங்குவது என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். சென்னையில் செப்டம்பரிலும் மாலை மழை உண்டு. ஆனாலும் கைவசம் நாட்கள் இருப்பதால் மதிப்பெண் 2×3, அதாவது 6 ஆகிறது.

ஆனால் தேதி மாறியதால் புதிதாக ஒரு வரி முளைக்கிறது. சென்ட்ரிங் பலகைகளை ஒப்பந்ததாரர் அக்டோபர் முதல் வாரத்தில் வேறு சைட்டுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தால், முட்டுகளைச் சீக்கிரமே கழற்றப் பார்ப்பார். தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளியுள்ள தளத்துக்கு முட்டு 14 நாளாவது நிற்க வேண்டும் என்பது ஐ.எஸ். 456 தரநிலை. இதற்கு ஒப்பந்ததாரரையே பொறுப்பாளராக்க முடியாது. அந்த வரியிலும் சைட் இன்ஜினியர் பெயரே வருகிறது; தளம் போட்ட தேதியையும் முட்டு எடுக்கலாம் என்ற தேதியையும் அவர் தூணில் பெயின்ட்டால் எழுதி வைக்கிறார்.